நடு பெஞ்ச் 135°-ஐ அழித்த கதை

வெக்டர் பயிற்சித்தாளில் பார்க்கச் சாதுவாக ஒரு கணக்கு இருக்கும். வகுப்பில் அன்றைக்குக் கலகம் மூட்டப்போவது அதுதான்.

"F = 2i + j − 2k நியூட்டன் என்ற மாறாத விசை செயல்படும்போது ஒரு துகள் A(3, 1, −2)-இலிருந்து B(2, 2, 2)-க்கு நேர்கோட்டில் நகர்கிறது. தூரம் மீட்டரில். இவ்விசை செய்த வேலை எவ்வளவு? விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடைப்பட்ட கோணம் என்ன?"

முதல் பலி இடப்பெயர்ச்சியிலேயே விழுகிறது. சிலர் B-யையே இடப்பெயர்ச்சி என்று எடுத்துக்கொண்டு 2 ஜூல் என்று முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். துகள் ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பியதாக யாரும் சொல்லவில்லை. சேர்ந்த இடத்திலிருந்து கிளம்பிய இடத்தைக் கழிக்க வேண்டும்: d = B − A = −i + j + 4k.

அடுத்து புள்ளிப் பெருக்கல். F·d = (2)(−1) + (1)(1) + (−2)(4) = −2 + 1 − 8 = −9. இங்கே ஒரு கோஷ்டி −2i + j − 8k என்று எழுதி வைக்கும். பெருக்கினார்கள், கூட்ட மறந்துவிட்டார்கள். வேலைக்குத் திசை கிடையாது. விடையில் i, j, k எட்டிப் பார்த்தாலே எங்கோ கூட்டல் விட்டுப்போயிருக்கிறது.

இன்னொரு கோஷ்டி −9-ஐப் பார்த்ததும் பதறி, மைனஸை ரப்பரால் தேய்த்துவிடும். "வேலை எப்படி சார் மைனஸ்ல வரும்?" வரும். துகள் இந்த விசைக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை நகர்த்தியது வேறொரு விசையாக இருக்கலாம், ஏற்கெனவே இருந்த வேகமாகவும் இருக்கலாம். இந்த விசை இழுத்துப் பிடிக்கத்தான் பார்த்தது.

கோணத்துக்கு நீளங்கள் வேண்டும். |F| = √(4+1+4) = 3. |d| = √(1+1+16) = 3√2. ஆகவே cos θ = −9/(9√2) = −1/√2, θ = 135°.

இதைச் சரியாகப் போட்டது நடு பெஞ்ச். பிரச்சினை அக்கம்பக்கத்தில்.

இடப்பக்கம் உட்கார்ந்தவர் A − B போட்டிருந்தார். அவருக்கு எல்லாக் குறியும் புரண்டு F·d = +9, கோணம் 45°. வலப்பக்கத்தவர் குறுக்குப் பெருக்கல் பக்தர். F×d = 6i − 6j + 3k, அதன் நீளம் √81 = 9, sin θ = 9/(9√2) = 1/√2, கால்குலேட்டர் தந்தது 45°. பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் sin 45°, sin 135° இரண்டும் ஒன்றுதானே! sin⁻¹ 90°-ஐத் தாண்டவே தாண்டாது. விரிகோணம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. குறுக்குப் பெருக்கலின் நீளம் எப்போதும் நேர்மதிப்புதான் என்பதால் அதை வைத்து 45-ஆ 135-ஆ என்று முடிவு கட்ட வழியே இல்லை.

இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு வழி, ஒரே விடை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நடுவில் இருந்தவர் பெரும்பான்மைக்குத் தலைவணங்கி 135-ஐ அழித்துவிட்டு 45 எழுதினார். வேலையை மட்டும் −9 என்றே விட்டுவிட்டார். தாளைத் திருத்துகிறவருக்குக் களவு தெரிவது அங்கேதான்: புள்ளிப் பெருக்கல் மைனஸ் என்றால் கோணம் 90°-ஐத் தாண்டியே ஆக வேண்டும். −9-உம் 45°-உம் ஒரே தாளில் குடித்தனம் நடத்த முடியாது.

குறுக்குப் பெருக்கலை விடமாட்டேன் என்பவர்களுக்கும் வழி உண்டு: tan θ = 9/(−9) = −1. மேலே நேர், கீழே எதிர், ஆகவே கோணம் இரண்டாம் கால்பகுதி, 135°. கால்குலேட்டர் −45° என்று காட்டினால் 180° கூட்டிக்கொள்ள வேண்டும்.

பின் பெஞ்சில் இன்னொருவர், j-க்கு முன்னால் வரும் மைனஸை விழுங்கிவிட்டு F×d = 6i + 6j + 3k என்று போட்டிருந்தார். நீளம் அப்போதும் 9-தான்! கோணக் கணக்கில் இந்தத் தப்பு தலைகாட்டவே காட்டாது. பிடிக்க வேண்டுமானால் விடையை F-உடன் புள்ளிப் பெருக்கல் செய்ய வேண்டும். சரியானதற்கு 12 − 6 − 6 = 0, செங்குத்து. இவருடையதற்கு 12 + 6 − 6 = 12.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கோணம் 2.356°. கால்குலேட்டர் ரேடியனில் இருந்திருக்கிறது. மேலே போட்ட அந்தக் குட்டி டிகிரி வட்டம் மட்டும் அவருடைய சொந்தக் கைவேலை.