ஒரே ஜன்னலுக்கு இரண்டு அளவுகள்

ஜன்னல் கிரில்லுக்கு அளவெடுக்கப் போகும்போது, டேப்பை விரிப்பதற்கு முன்பே நான் கேட்டுக்கொள்வது, கிரில் திறப்புக்குள் உட்காரப் போகிறதா, அல்லது சுவரின் முகத்தின் மேல் படியப் போகிறதா என்பதைத்தான். கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதே பெரும்பாலும் இதற்கு விடை சொல்லிவிடும். இது முடிவாகாமல் குறித்துக்கொண்டு வரும் அளவு, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பட்டறைக்குப் பயன்படாது. உள்ளே பொருத்துவதற்குக் கிடைத்த அளவுகளில் மிகச் சிறியதை எடுத்து அதிலிருந்து கழிக்க வேண்டும். வெளியே பொருத்துவதற்கு மிகப் பெரியதை எடுத்து அதனுடன் கூட்ட வேண்டும்.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், உயரத்தையும் அவ்வாறே மூன்று இடங்களிலும் எடுப்பது அனேகமாக எல்லோரும் செய்வதுதான். ஆனால் திறப்பு சாய்ந்திருக்கிறதா என்பதை இந்த ஆறு அளவுகளும் சொல்வதில்லை. அண்மையில் நான் அளந்த ஜன்னல் ஒன்றில் அகலம் 1202, 1200, 1199 மி.மீ. என்றும், உயரம் எங்கும் 1350 மி.மீ. என்றும் வந்தது. மூன்று மி.மீ. வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தபோதோ ஒரு மூலைவிட்டம் 1812, மற்றொன்று 1800. கீழ்ப்பரப்பில் ரசமட்டம் வைத்தபோது குமிழி நடுவில் நின்றது. ஆகவே அடிப்பக்கம் மட்டமாகவே இருக்கிறது, பக்கச் சுவர்கள் இரண்டும் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன என்பது தெளிவாயிற்று.

இந்தச் சாய்வு எவ்வளவு என்று கணக்கிடுவது கடினமன்று. மூலைவிட்டங்களின் வித்தியாசமான 12-ஐ அவற்றின் சராசரியான 1806-ஆல் பெருக்கி, அகலத்தின் இரு மடங்கான 2400-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மி.மீ. வருகிறது. அதாவது, மூலைகள் சதுரமாக அமைந்த கிரில்லுக்கு அங்கே உண்மையில் கிடைக்கும் அகலம் 1199 அன்று, 1190 மட்டுமே. பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டு 1184 என்று எழுதிக் கொடுத்தேன். சாய்வைக் கவனியாமல் 1199-இலிருந்து 6 கழித்து 1193 என்று கொடுத்திருந்தால், கிரில் ஒரு பக்கத்தில் மேல்மூலையிலும் மறுபக்கத்தில் கீழ்மூலையிலும் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். அப்படி எதிரெதிர் மூலைகளில் முட்டுவது சாய்வின் அடையாளம். அகலம் மட்டும் குறைவாக இருந்தால் நேரெதிர்ப் பக்கங்களில் முட்டும். சாய்ந்த சுவருக்கும் நேரான சட்டத்துக்கும் இடையே ஒரு முனையில் குறுகியும் மறுமுனையில் அகன்றும் தெரியும் இடைவெளியைப் பூசி அடைத்துவிடலாம். சுவரைக் கொத்துவதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

உள்ளளவு எடுக்கும்போது டேப்பை மூலையில் வளைத்து மதிப்பாகப் படிப்பதை நான் தவிர்க்கிறேன். டேப்பின் கூட்டை எதிர்ச்சுவரில் அணைத்து, வாயில் தெரியும் எண்ணுடன் கூட்டின் நீளத்தைக் கூட்டிக்கொள்வதே நம்பத்தக்கது; பல டேப்புகளில் அந்த நீளம் கூட்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். நுனிக் கொக்கி சற்று ஆடுவதைப் பழுது என்று எண்ணிச் சிலர் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். கொக்கியின் கனத்தை உள்ளளவிலும் வெளியளவிலும் சரிக்கட்டுவதற்காகவே அந்த ஆட்டம் வைக்கப்பட்டிருக்கிறது.

இதே ஜன்னலுக்குக் கிரில்லை வெளியே பொருத்துவதாக இருந்தால் 9 மி.மீ. சாய்வு ஒரு பொருட்டே அன்று. சுவரின் மேல் ஏறும் விளிம்பு அதை மறைத்துவிடும். அங்கே கவலைப்பட வேண்டியது போல்ட் துளையைப் பற்றி. ஆங்கர் போல்ட் இறுக இறுகப் பக்கவாட்டில் விரிந்து அழுத்துவதால், திறப்பின் விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் பூச்சோடு சேர்ந்து ஓரமும் பெயர்ந்து வரும். ஆகவே மறைப்பதற்கு 25 மி.மீ. போதுமானாலும், நான் பக்கத்துக்கு 75 மி.மீ. ஏற்றி, விளிம்பிலிருந்து 50 மி.மீ. தள்ளித் துளை வரும்படி அமைக்கிறேன். பெரிய அகலமான 1202-உடன் 150 சேர்ந்து 1352 ஆகிறது. கீழ்ப்பக்கத்தில் மட்டும் இந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. ஜன்னலடியில் வெளியே நீட்டியிருக்கும் திட்டு, சட்டம் கீழே இறங்குவதைத் தடுக்கும். அங்கே ஏற்றம் விடாமல் திட்டின் மேற்பரப்பிலிருந்தே உயரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

திரைச்சீலைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. கம்பியைத் திறப்புக்கு இருபுறமும் 150 மி.மீ. நீட்டினால் ஓரத்தில் வெளிச்சம் கசிவது குறையும். ஆனால் உள்ளே கிரில் இருந்து அதன் பூவேலை அறைப்பக்கம் புடைத்திருந்தால், கம்பியைத் தாங்கும் பிராக்கெட் சுவரிலிருந்து எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை அந்தப் புடைப்பிலிருந்தே அளக்க வேண்டும். துணியின் நீளத்தைக் கம்பியை மாட்டிய பிறகு, வளையத்தின் அடியிலிருந்து எடுப்பதே என் வழக்கம்.