பெயருக்குப் பின்னால் ஏழு வால்

டெக்சாஸில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் யூனிட்டில் நடத்திய ஒரு சின்ன ஆய்வை மாநாட்டில் போஸ்டராக வைக்க அனுமதி கிடைத்தது. விண்ணப்பத்தில் பெயருக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் பட்டம், தகுதி என்று இன்னொரு கட்டம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. என் மின்னஞ்சலின் அடியில் இருந்ததை அப்படியே வெட்டி ஒட்டினேன்:

```
B.Sc.(N)., M.Sc.(N)., R.N., R.M., CCRN, BLS, ACLS
```

அனுப்புவதற்கு முன் எங்கள் யூனிட்டின் எஜுகேட்டரிடம் காட்டினேன். மலையாளி. இருபது வருடமாக இங்கே இருப்பவர். சேச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கட்டுரையை அவர் படிக்கவே இல்லை. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மோளே, இது பேரா, ட்ரெயினா? ஏழு பெட்டி இருக்கே!"

இன்று என் மின்னஞ்சலில் மூன்று பெட்டிதான். அந்த மூன்றும் எந்த வரிசையில், ஏன் நிற்கின்றன என்பது புரிய எனக்கு ஒரு வருடமும் ஒரு தேர்வுக் கட்டணமும் ஆனது.

நம் ஊரில் பட்டங்களை ஏறுவரிசையில் எழுதிப் பழகிவிட்டோம். பி.எஸ்சி. முதலில், எம்.எஸ்சி. பிறகு. டாக்டர்கள் போர்டிலும் எம்.பி.பி.எஸ். முன்னால், எம்.டி. பின்னால், டி.எம். இருந்தால் கடைசியில். படியேறிய கதையைச் சொல்வது மாதிரி. அமெரிக்க நர்ஸுகளிடம் இந்தக் கதைக்கு இடமில்லை. நர்ஸுகளுக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஏ.என்.சி.சி. பரிந்துரைக்கும் வரிசையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். முதலில் பெற்றவற்றில் உயர்ந்த பட்டம். அடுத்து உரிமம். அதற்கடுத்து மாநிலம் தரும் சிறப்புத் தகுதி இருந்தால் அது. பிறகு தேசிய அளவிலான சான்றிதழ். கடைசியில் விருதும் கௌரவமும்.

"இது யார் வச்ச கணக்கு சேச்சி?" என்றேன். அவர் பேனாவை எடுத்து என் வரியின் கீழே எழுதிக் காட்டினார். பட்டத்தை ஒருமுறை வாங்கிவிட்டால், ஏமாற்றி வாங்கியதாக இருந்தாலொழிய யாரும் திரும்பப் பிடுங்க மாட்டார்கள். அதனால் அது பெயரை ஒட்டி நிற்கும். ஆர்.என். உரிமம் அப்படியில்லை, டெக்சாஸில் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அது இல்லாமல் வேலையே பார்க்க முடியாது, ஆகவே இரண்டாவது இடம். சி.சி.ஆர்.என். என்பது தீவிர சிகிச்சை நர்ஸுகள் விரும்பி எழுதும் சான்றிதழ். 3 ஆண்டுதான் ஆயுள். வேலைக்குக் கட்டாயமும் இல்லை. அதனால் அது கடைசியில். எது நம்மை விட்டுப் போவது கடினமோ அது பெயருக்குப் பக்கத்தில், எது சுலபமாகக் கழன்று விழுமோ அது ஓரத்தில்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக அடித்தார்.

பி.எஸ்சி. போனது. அதே துறையில் எம்.எஸ்சி. இருக்கும்போது கீழே உள்ளது தேவையில்லை. ஆனால் மேல்பட்டம் வேறு துறையில் இருந்தால் கதை வேறு. எங்கள் மேனேஜர் நர்ஸிங்கில் இளநிலை, நிர்வாகத்தில் முதுநிலை. அவர் `MBA, BSN, RN` என்று இரண்டையும் போடுகிறார். எம்.பி.ஏ.வை மட்டும் போட்டால் நர்ஸிங் எங்கே படித்தார் என்பது தெரியாது.

ஆர்.எம். போனது. நம் ஊரில் கவுன்சிலில் பதிவு செய்யும்போது நர்ஸ், மிட்வைஃப் இரண்டும் சேர்ந்தே வருவதால் கையெழுத்தில் ஆர்.என்., ஆர்.எம். என்று ஜோடியாகவே எழுதுவோம். இங்கே எனக்கு மிட்வைஃப் உரிமம் கிடையாது. இல்லாத உரிமத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவது அழகுப் பிரச்சினை அல்ல, உரிம வாரியத்தின் பிரச்சினை. ஒரு கர்ப்பிணி அதைப் படித்து என்னை நம்பிவிடலாம் அல்லவா?

பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். இரண்டும் இதயம் நின்றவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் பயிற்சிகள். அவை போனதில்தான் எனக்கு வருத்தம். ஏ.சி.எல்.எஸ்.ஸுக்கு நான் அத்தனை பாடுபட்டிருந்தேன். "அது ஒரு பயிற்சி முடிச்சதுக்குக் குடுக்கிற அட்டை. 2 வருஷத்துல காலாவதி. இந்த ஃப்ளோர்ல எல்லார் கிட்டயும் இருக்கு. டிரைவிங் லைசென்ஸைப் பேருக்குப் பின்னாடி போடுவியா?" என்றார் சேச்சி. பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் புள்ளிகள். நம் ஊர்ப் பழக்கத்தில் புள்ளி, உடனே காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் உண்டு. இங்கே எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பதில்லை. காற்புள்ளி மட்டும்.

எம்.எஸ்சி.யில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. இங்கே நர்ஸிங் முதுநிலைக்கு எம்.எஸ்.என். என்று பெயர். என்னோடு வந்த பலர் அப்படித்தான் மாற்றி எழுதுகிறார்கள். நம் பட்டத்தை இங்கே மதிப்பிட்டுத் தரும் அறிக்கையிலும் என் படிப்பு இங்குள்ள முதுநிலைக்கு நிகரானது என்றுதான் இருந்தது. அப்படியானால் மாற்றினால் என்ன என்பது என் வாதம். "நிகர் என்றால் அதுவே என்று அர்த்தமா? உன் சர்டிஃபிகேட்ல என்ன அடிச்சிருக்கு?" என்று கேட்டார். எம்.எஸ்சி. (நர்சிங்) என்று இருந்தது. "அப்போ அதுதான் உன் பட்டம்." வேலைக்கு ஆள் எடுப்பவர் பல்கலைக்கழகத்தில் விசாரித்தால் சான்றிதழில் உள்ள பெயர்தான் வரும், நாம் மாற்றிக்கொண்ட பெயர் வராது. இப்போது எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

```
MSc, RN, CCRN
Staff Nurse, Medical ICU
```

பதவி இரண்டாவது வரிக்குப் போனதைக் கவனியுங்கள். பதவி மருத்துவமனை கொடுத்தது, வேலையை விட்டால் போய்விடும். அதைத் தகுதிகளோடு ஒரே வரியில் கலக்கக் கூடாது. நோயாளியின் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது இந்த மூன்று கூடத் தேவையில்லை, பெயரும் ஆர்.என்.னும் போதும். அங்கே யார் என்ன படித்தார்கள் என்பதல்ல கேள்வி, மருந்தைக் கொடுக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர் கொடுத்தாரா என்பதுதான்.

மாநாட்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. எங்கள் அமர்வில் அடுத்துப் பேச வந்தவர் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் அளவுக்கு மேற்படிப்புப் படித்த நர்ஸ். அவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நர்ஸிங்கில் டி.என்.பி. என்ற முனைவர் பட்டம் பெற்றவர். நான் எழுதி வைத்திருந்த அட்டையில் பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் டி.என்.பி. சேச்சி பார்த்துவிட்டு ஒன்றை அடிக்கச் சொன்னார். ஒரே பட்டத்தை முன்னாலும் பின்னாலும் தொங்கவிட்டால் ஒருவர் இரண்டு பட்டம் வாங்கியது போல் ஆகிவிடும். எழுத்தில் என்றால் பின்னால் உள்ளது போதும், ஏனென்றால் அது எந்த முனைவர் பட்டம் என்றும் சொல்லிவிடும். மேடையில் வாயால் சொல்லும்போது டாக்டர் என்று சொல்லிவிட்டு உடனே, இவர் நர்ஸ் பிராக்டிஷனர் என்றும் சொல்லிவிட வேண்டும். எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கக் கூடாது, கேட்பவர்களுக்கு அது ரயில் அறிவிப்பு மாதிரி. ஆனால் மாநாட்டு மேடையில் சரியாக இருப்பது வார்டில் சரியாக இருக்காது. கட்டிலருகே டாக்டர் என்றால் வந்திருப்பவர் மருத்துவர் என்றுதான் நோயாளி எடுத்துக்கொள்வார். மருத்துவர் அல்லாதவர் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சில மாநிலங்களில் சட்டமே இருக்கிறது.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் கழித்துத்தான் நான் மாட்டினேன்.

சி.சி.ஆர்.என்.னைப் புதுப்பிக்க 3 ஆண்டில் 432 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும். அதில் 144 மணி நேரம் கடைசி 12 மாதத்துக்குள். கூடவே தொடர்கல்விப் புள்ளி 100. மணிக்கணக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை, 12 மணி நேர ஷிஃப்ட்டில் 144 என்பது பன்னிரண்டு நாள்தான். புள்ளிகளும் பெரும்பாலும் சேர்ந்திருந்தன. தேதியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். நினைவூட்டல் மின்னஞ்சல் என் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதை மாற்றவில்லை.

காலாவதி ஆனது எப்படித் தெரிந்தது தெரியுமா? இரண்டாவது போஸ்டருக்காகப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்த ஒருவர், சான்றளித்த அமைப்பின் இணையதளத்தில் தேடியிருக்கிறார். என் பெயர் வரவில்லை. கண்ணியமாக இரண்டு வரி எழுதிக் கேட்டார். படித்ததும் காது சூடாகிவிட்டது. ஆறு வாரமாக என்னிடம் இல்லாத ஒன்றை எல்லா மின்னஞ்சலிலும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினேன். மின்னஞ்சல், போஸ்டர், சுயவிவரம், கழுத்து அட்டையின் கீழே தொங்கும் குட்டி அட்டை. ஒவ்வொன்றிலும் கடைசி வாலை வெட்டினால் போதும், முன்னால் இருந்த எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. `MSc, RN`. சேச்சி பேனாவால் எழுதிக் காட்டிய கணக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. திரும்பப் பெற ஒரே வழி முதலிலிருந்து தேர்வு எழுதுவது. 150 கேள்வி, 3 மணி நேரம்.

எல்லா இடத்திலும் வெட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தபோதுதான் ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். தம்பி கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டதாம். வாட்ஸப்பில் படம் வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே என் பெயர். நான் பழைய மின்னஞ்சலில் வைத்திருந்த ஏழு வாலும், நம் ஊர் ஏறுவரிசையில், புள்ளியும் காற்புள்ளியுமாக. முடிவில் அடைப்புக்குறிக்குள் யு.எஸ்.ஏ. அதற்குப் பிறகும் ஒரு காற்புள்ளி, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல.

"அப்பா, அதுல ஒண்ணு இப்ப என்கிட்ட இல்லப்பா."

"எது?"

"சி.சி.ஆர்.என். காலாவதி ஆயிடுச்சு. திரும்பப் பரீட்சை எழுதணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 600 பத்திரிகை என்று முனகியது மட்டும் கேட்டது.

"கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல," என்றார் அப்பா. "அதுக்குள்ள எழுதி பாஸ் பண்ணிடும்மா."