ஒரு ஐபிக்குப் பின்னால் எத்தனை பேர்?

"அண்ணா, ஒரு ஐபிக்குப் பின்னாலை எத்தனை பேர் இருப்பினம்?"

என்னோடு வேலை செய்யும் அவள் கேட்டது இவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்காமலே சொன்ன பதில்: "இப்ப அதுக்கு நேரமில்லை."

மாலை 6.12. எங்கள் பஸ் பதிவுத் தளத்துக்கு வரும் கோரிக்கைகளை வடிகட்டும் வாஃப்பில் ஒரு விதியை, வெறுமனே எண்ணும் கவுன்டிலிருந்து மறிக்கும் பிளாக்குக்கு மாற்றிவிட்டு, சேமிக்கும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்திருந்தேன். அவள் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன், பொத்தானை அழுத்தினேன். மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்த மூன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நல்லூர்த் திருவிழா முடிந்து கொழும்புக்குத் திரும்பும் இரவுப் பஸ்களுக்கு ஆசனப் பதிவு என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பதிவு 6 மணிக்குத் திறந்தது. வழக்கமாகத் திறக்கும் நேரத்தில் செக்கனுக்கு 40 கோரிக்கைகள் வரும். அன்று 6.05க்கு அது 2,500 ஆகிவிட்டது. எல்லாம் ஒரே முகவரிக்கு: பஸ் தேடும் `/search`. புறப்படும் இடம், சேரும் இடம், திகதி எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் மட்டும் `&_=` என்று ஒரு பொருளில்லாத எண், ஒவ்வொரு தடவையும் வேறாக. பக்கங்களின் பிரதியை வைத்துக் கொடுக்கும் கிளவுட்ஃபிரண்ட் முன்னால் நின்றும் பயனில்லை. முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் அது புதிய பக்கம் என்று நினைத்து நேரே எங்கள் சேர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு சேர்வரும் மூச்சுவிட முடியாமல் கிடந்தன, தரவுத்தளம் அதைவிட மோசம்.

என்னிடம் அப்போது தயாராக இருந்த ஆயுதம் ஒன்றுதான்: வேகத்தைப் பார்த்து மறிக்கும் விதி. ஒரே ஐபியிலிருந்து, அதாவது ஒரே இணைய எண்ணிலிருந்து, 5 நிமிடத்துக்குள் இத்தனை கோரிக்கைக்கு மேல் வந்தால் அந்த ஐபியை நிறுத்து என்று சொல்வது. அந்த ‘இத்தனை’ எவ்வளவு என்பதை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். நான் 300 கொடுத்திருந்தேன்.

அது குருட்டுக் கணக்கல்ல, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒன்றைத் திறந்தால் படம், எழுத்துரு, ஆசன வரைபடம் எல்லாம் சேர்த்து 22 கோரிக்கைகள் போகும். அவசரக்காரர் ஒருவர் 5 நிமிடத்தில் பத்துத் தடவை பக்கத்தைப் புதுப்பித்தால் 220. இன்னும் கொஞ்சம் தாராளமாக 300. ஒரு மனிதருக்கு அது போதும். இன்றைக்குக் கேட்டாலும் ஒரு மனிதருக்கு 300 போதும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் விதி மனிதரை எண்ணவில்லை, ஐபியை எண்ணியது. போனில் டேட்டா போட்டுப் பார்ப்பவருக்குத் தனியாக ஒரு பொது ஐபி கிடைப்பதில்லை. பழைய ஐபி எண்கள் தட்டுப்பாடானவை, அதனால் தொலைபேசி நிறுவனங்கள் ஒரு எண்ணுக்குப் பின்னால் பல பேரை ஒன்றாக வைத்துத்தான் வெளியே அனுப்புகின்றன. ஒரு பெரிய வளவுக்கு ஒரே படலை மாதிரி. உள்ளே எத்தனை குடும்பம் என்று படலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறுபது பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தடவை பக்கத்தைத் திறந்தாலே 1,320. சாவகச்சேரியில் ஒருவர் ஆசனம் தேட, கொடிகாமத்தில் இருப்பவருக்குப் படலை சாத்தப்பட்டது.

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. நேர்முகத் தேர்வில் கேட்டிருந்தால் வரைபடம் போட்டு விளங்கப்படுத்தியிருப்பேன். அதுதான் உறுத்துகிறது.

சேமித்து இரண்டு நிமிடத்துக்குள் மறிக்கப்பட்ட கோரிக்கைகளின் கோடு செங்குத்தாக ஏறியது. "பார், பிடிக்குது!" என்று நான் சத்தமாகவே சொன்னேன். அந்த வரைபடத்தின் உச்சி 20,000. நான் அதை மட்டும் பார்த்தேன். செக்கனுக்கு 2,500 என்றால் 5 நிமிடத்துக்கு ஏழரை இலட்சம். அதில் 20,000 மூன்று வீதம்கூட இல்லை. பக்கத்திலேயே அனுமதிக்கப்பட்ட கோரிக்கைகளின் கோடு கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது. இரண்டையும் ஒரே அச்சில் போட்டிருந்தால் ஒரு சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

இன்னொரு பொறியும் இருந்தது. மறிக்கப்பட்டவரின் போனில் வெள்ளைப் பக்கத்தில் `403 ERROR`, அதற்குக் கீழே `The request could not be satisfied` என்று வரும். நம் ஆட்கள் அதைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார்கள். மறித்துக்கொண்டிருக்கும்போதும் விதி எண்ணுவதை நிறுத்தாது, வேகம் குறைந்தால்தான் விடும். ஆக, அவர்கள் புதுப்பிக்கப் புதுப்பிக்க எண்ணிக்கை கூடி, படலை திறக்காமலே இருந்தது. நான் கண்டு சந்தோஷப்பட்ட கோட்டில் பெரும்பகுதி அதுதான்.

அவள் என்னோடு வாதாடவில்லை. தன் மேசைக்குப் போய் 6.20க்கு கிளவுட்ஃபிரண்டின் கேஷ் கொள்கையை மாற்றினாள். எல்லா அளவுருக்களையும் பார்த்துப் பக்கத்தை அடையாளம் காணாமல் `from`, `to`, `date` மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னாள், விடையை 30 செக்கன் வைத்திருக்கச் சொன்னாள். அதோடு அந்தப் பொருளில்லாத எண் எதுவாக இருந்தாலும் பக்கம் ஒன்றுதான். ஆயிரம் தடவை கேட்டாலும் சேர்வருக்கு வருவது ஒன்றோ இரண்டோ. மாற்றம் உலகம் முழுக்கப் பரவச் சில நிமிடம் எடுக்கும். 6.27க்கு சேர்வர்களின் சுமை இறங்கியது.

6.31க்கு பஸ் முதலாளி அழைத்தார். "தம்பி, என்ன மாதிரி? என்ர போனிலை ஏதோ நானூற்றி மூண்டு எண்டு வருகுது, ஆனா கந்தோர்க் கணினியிலை வடிவா வேலை செய்யுது."

நான் சொன்னது: "தாக்குதல் ஒண்டு அண்ணை. ஃபயர்வோலைப் போட்டு மறிச்சிட்டம். போனிலை கொஞ்ச நேரத்திலை சரியாகும்."

அவர் கந்தோர்க் கணினிக்குத் தனி இணைப்பு, தனி ஐபி. போன் ஒரு நெட்வேர்க்கில். விடை முழுவதையும் அவரே என் காதில் சொல்லிவிட்டார், நான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். விதியைத் திரும்ப கவுன்டுக்குப் போட்டபோது 7.05. அதுவும் அவள் இரண்டாவது தடவை கேட்டதால்.

மறுநாள் வாஃப்பின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மறிக்கப்பட்ட ஒவ்வொரு ஐபியிலும் எத்தனை விதமான உலாவி இருந்தது என்று எண்ணினால் போதும்:

```
parse @message /"name":"[Uu]ser-[Aa]gent","value":"(?<ua>[^"]*)"/
| filter action = "BLOCK"
| stats count(*) as n, count_distinct(ua) as agents by httpRequest.clientIp
| sort n desc
```

மேலே வந்த ஐபிகள் எல்லாம் இலங்கைத் தொலைபேசி நெட்வேர்க்குகள். ஒவ்வொன்றிலும் நாற்பது, ஐம்பது விதமான போன்கள். படங்களைக் கேட்டிருந்தார்கள், ஆசன வரைபடத்தைக் கேட்டிருந்தார்கள். மனிதர்கள். தாக்கியவர்களைத் தேட அனுமதிக்கப்பட்ட பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. சுமார் 9,000 ஐபிகள், ஒவ்வொன்றிலும் ஒரேயொரு உலாவிப் பெயர், ஒரு படம்கூடக் கேட்காமல் `/search` மட்டும். 5 நிமிடத்துக்கு ஆளுக்கு 80 சொச்சம். என் 300இன் கிட்டவும் அவர்கள் வரவில்லை. மனிதரைவிட அடக்கமாக நடந்துகொண்டார்கள்.

எனக்குச் சார்பாகவும் சொல்ல இருக்கிறது. தளம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போன்காரருக்கு 403க்குப் பதில், சேர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை என்னும் 504 வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 20,000ஐயும் தடுத்ததால் தரவுத்தளத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கலாம். அவளுடைய மாற்றம் பரவும்வரை சேர்வர்கள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இதை இல்லையென்று நிரூபிக்க முடியாது. ஆமென்றும் முடியாது. எட்டு நிமிட இடைவெளியில் இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று பிறகு எந்த வரைபடமும் சொல்லாது.

அதே விதி முதல்நாள் முழுக்க கவுன்டில்தான் கிடந்தது. மறிக்காமல், யாரை மறித்திருக்கும் என்று மட்டும் குறித்துக்கொண்டிருந்தது. பதிவு திறக்காத ஒரு சாதாரண நாளிலேயே பதினொரு ஐபிகளைக் குறித்து வைத்திருந்தது. நான் அந்தப் பதினொன்றையும் ஏதோ ரோபோக்கள் என்று நினைத்துத் திறந்தும் பார்க்கவில்லை.

இப்போது அந்த விதி `/search`ஐ மட்டும் எண்ணுகிறது, படங்களை எண்ணுவதில்லை. இலங்கைக்குள்ளிருந்து வருவோருக்கு எல்லை 3,000, வெளியே 60. "வெளிநாட்டை முழுசாப் பூட்டிவிடும் தம்பி" என்று முதலாளி ஒருநாள் சொன்னார். எப்படிப் பூட்டுவது? ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் பிள்ளைகள்தானே இங்கே அம்மா அப்பாவுக்கு ஆசனம் பதிகிறார்கள். அவர்கள் வீட்டு இணைப்பிலிருந்து வருவதால் 60 போதும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது. 30 செக்கன் கேஷுக்கும் விலை உண்டு. இருப்பதாகக் காட்டும் ஆசனம் அழுத்தும்போது போய்விட்டது என்று வாரத்துக்கு இரண்டு முறைப்பாடாவது வருகிறது. அடுத்த தடவை ஒருவன் திகதியையும் மாற்றி மாற்றிக் கேட்டால் அந்தக் கேஷும் பாதிதான் உதவும்.

முதலாளி இன்னும் யாரையாவது கண்டால் என்னைக் காட்டி, "தம்பிதான் அண்டைக்கு ஃபயர்வோல் போட்டுத் தாக்குதலை நிப்பாட்டினது" என்று சொல்வார். போன மாதமும் சொன்னார். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். நான் சிரித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஆறுது அண்ணா என்றாள்.