பையில் 324 ரூபாய் குறைந்தது

ஜூன் 9, திங்கள்

கடைசி சிங்கிள் முடிந்து ஷெட்டுக்கு வரும்போது மணி பத்தரை. நான் கண்டக்டராகப் போகும் வேலூர் – குடியாத்தம் ரூட்டில் காலையில் காட்பாடி வரைக்கும் நிற்க இடமிருக்காது, மத்தியானம் சீட் காலியாகக் கிடக்கும், சாயங்காலம் மறுபடியும் அதே நெரிசல். எல்லாவற்றுக்கும் கணக்கு இந்த சிமெண்ட் திண்ணையில் வைத்துத்தான்.

எங்கள் வண்டியில் இன்னும் காகித டிக்கெட்தான். கட்டணத்துக்கு ஒன்றாக ஐந்து கட்டு: 5, 9, 13, 17, 22 ரூபாய். வேலூரில் ஏறி லத்தேரியில் இறங்கினால் 13, கே.வி.குப்பம் 17, குடியாத்தம் 22. காட்பாடியில் ஏறி லத்தேரிக்கு 9, குடியாத்தத்தில் ஏறி கே.வி.குப்பத்துக்கும் அதே 9. ஒவ்வொரு கட்டிலும் கிழிக்காமல் மேலே நிற்கும் டிக்கெட்டின் நம்பர்தான் முடிவு நம்பர். அதிலிருந்து காலை ஆரம்ப நம்பரைக் கழித்தால் விற்ற டிக்கெட், அதைக் கட்டணத்தால் பெருக்கினால் அந்தக் கட்டின் பணம். ஐந்தையும் கூட்டி, காலையில் சில்லறைக்குக் கொடுத்த முன்பணத்தைச் சேர்த்து, பஸ் ஸ்டாண்ட் கட்டணம் மாதிரி ரசீதோடு செலவானதைக் கழித்தால் என்ன வருகிறதோ அது பையில் இருக்க வேண்டும்.

நோட்டை முதலில் எண்ண மாட்டேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி முடித்த பிறகுதான் நோட்டுக்கு வருவேன். வெயில் நாளில் பத்து ரூபாய் நோட்டெல்லாம் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், பிரித்து விரித்து வைத்தால்தான் இரண்டு ஒன்றாகப் போகாது. இன்று சரியாக இருந்தது. நாளை எனக்கு ஓய்வு, என் வண்டியில் புதுக் கண்டக்டர் தம்பி போகிறான். என் பாக்கெட் நோட்டில் ஐந்து முடிவு நம்பரையும் எழுதிக்கொண்டேன், இது பழைய பழக்கம். ஒன்பது ரூபாய் கட்டு 462.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பி போன் செய்தான், குரலே சரியில்லை. "அண்ணா, பை 324 ரூபாய் குறையுது. ஷீட்ல 11,486 வரணும், கையில 11,162 தான் இருக்கு. மூணு தடவ எண்ணிட்டேன்." கணக்கர் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொல்லிவிட்டாராம். மூன்று தடவை எண்ணியும் அதே தொகை என்றால் பணத்தை எண்ணுவதை நிறுத்து, ஷீட்டைப் பார்க்கலாம் என்றேன். டிரிப் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

எவ்வளவு குறைகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நான்கு ரூபாய் குறைந்தால் எங்கள் ரூட்டில் பெரும்பாலும் பக்கத்து ஸ்டேஜ் டிக்கெட் மாறியிருக்கும்: 13 கிழித்துவிட்டு 9 வாங்கியிருப்பான். 17க்கும் 22க்கும் நடுவே மாறினால் ஐந்து. ஐம்பது, நூறு என்று முழுசாகக் குறைந்தால் மீதி கொடுக்கும்போது நோட்டு மாறிப் போயிருக்கும். 324 இதில் எதிலும் சேராது. சரி என்று ஒவ்வொரு கட்டணத்தாலும் வகுத்துப் பார்த்தேன். ஐந்தில் போகாது, 13இல் போகாது, 17இல் போகாது, 22இலும் போகாது. ஒன்பதில் மட்டும் மீதியில்லாமல் 36 டிக்கெட் வந்தது.

அந்த 36தான் என்னை உட்கார வைத்தது. இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 36 என்றால் மாறின இரண்டு இலக்கத்துக்கும் நடுவே நான்கு வித்தியாசம் இருக்க வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கினேன். ஆரம்ப நம்பர் கட்டத்தில், கணக்கர் கையெழுத்தில், ஒன்பது ரூபாய்க்கு நேரே 426. என் நோட்டில் 462. நாலுக்குப் பின்னால் ஆறும் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

ஜூன் 11, புதன்

இது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். வகுத்துப் பார்ப்பது எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அதுவும் காட்டாது. என் பாக்கெட் நோட்டும் நானே எழுதியது, கணக்கர் ஏன் நம்ப வேண்டும்? அதனால் காலை வண்டி எடுப்பதற்கு முன்னாடியே போய் இரண்டு நாள் டிரிப் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் எல்லாக் கட்டின் மேல் நம்பரையும் ஷீட்டில் எழுத வேண்டும். வழியில் செக்கிங் ஏறினால் அதை வைத்துத்தான் யார் எங்கே ஏறினார் என்று பார்ப்பார்கள், பயணி கையில் இருக்கும் டிக்கெட் அந்த ஸ்டேஜ் நம்பருக்குள் வர வேண்டும். ஓடுகிற வண்டியில் எழுதுவது தொல்லை, பாதிப் பேர் கடைசியில் மொத்தமாக நிரப்புவார்கள். தம்பி அப்படிச் செய்யவில்லை, அதுதான் அவனைக் காப்பாற்றியது.

திங்கட்கிழமை என் கடைசி சிங்கிளில் ஒன்பது ரூபாய் கட்டு குடியாத்தத்தில் 412, கே.வி.குப்பத்தில் 438, லத்தேரியில் 462, அதற்கப்புறம் அசையவில்லை. அப்படியென்றால் 426 திங்கள் ராத்திரியே குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவே யாரோ கையில் கிழிந்து போய்விட்டது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை முதல் சிங்கிளில் காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போது தம்பி எழுதியது 469. ஆரம்பம் 426 என்றால் காட்பாடி தாண்டுவதற்குள் 43 ஒன்பது ரூபாய் டிக்கெட் விற்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற நான்கு கட்டும் சேர்ந்தே பத்து டிக்கெட்டைத் தாண்டவில்லை. 462 என்று வைத்தால் ஏழு டிக்கெட், விடியற்காலைக்கு அதுதான் பொருந்தும்.

கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு ஷீட்டையும் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தார். "நேத்து காலைல கட்டைக் கையில வாங்கும்போதே மேல இருக்கிற நம்பரைப் பார்த்திருக்கணும்ல" என்று தம்பியிடம் கேட்டார். கேட்டது நியாயம்தான், ஆனால் இருட்டில் பையைத் தூக்கிக் கொடுத்து "ஏறு ஏறு" என்று விரட்டினால் புதுப் பையன் எப்படிப் பார்ப்பான்? அதைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிவப்பு மையில் 426ஐ அடித்து 462 எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ஷீட் 11,162க்கு வந்தது. குறைவு இல்லை.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி காதுக்கு விஷயம் போயிருக்கிறது. நேற்றிலிருந்து ஆரம்ப நம்பரைக் கணக்கர் படிப்பார், கண்டக்டர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி எடுப்பது கொஞ்சம் தாமதமாகிறது என்று டிரைவர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

எனக்கு இன்னொன்று மனதில் உறுத்துகிறது. கணக்கர் 462ஐ 426 என்று எழுதாமல், தலைகீழாக 426ஐ 462 என்று எழுதியிருந்தால் தம்பி பையில் 324 ரூபாய் அதிகம் இருந்திருக்கும். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதிகமாக இருந்தால் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் விட்டான் என்று ஆகிவிடும், வேலையே போகும். அதைத் தம்பியிடம் இன்று குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொன்னேன். பைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினான், ஐந்து நம்பரும் எழுதியிருந்தது.