இரவில் வளரும் பயிர்

மொபைல் விளையாட்டுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. விவசாய விளையாட்டு ஒன்று கைக்கு வந்தபோது, பகலில் தோன்றும் காட்சிகளைவிட ஆட்டக்காரர் படுத்துத் தூங்கும் அந்த ஒரு நொடியைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. பயிர் வளர்வது அப்போதுதான்.

2016-இல் வெளிவந்த ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய விளையாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அதில் ஒரு பருவத்துக்கு 28 நாள். அன்று ஈரமாக இருந்த மண்ணில் நிற்கும் பயிர் இரவில் ஒரு நாள் வளரும். தண்ணீர் ஊற்றாவிட்டால் பயிர் வாடிச் சாவதில்லை, வளராமல் அப்படியே நிற்கும். மறதிக்குத் தண்டனை அவ்வளவுதானா என்று முதலில் தோன்றும். ஆனால் வசந்தம் முடிந்து கோடை பிறந்ததும் வசந்தப் பயிரெல்லாம் ஒரே இரவில் காய்ந்துவிடும். விட்ட ஒரு நாளுக்கான கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது.

காலிஃபிளவரை எடுத்துக்கொள்ளுங்கள். விளைய 12 நாள். 16-ஆம் தேதி விதைத்து ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் விட்டால் 28 அன்று காலை அறுக்கலாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் 29 வேண்டும். அப்படியொரு தேதியே கிடையாது. ஸ்ட்ராபெரி கொஞ்சம் இரக்கம் காட்டும். அதன் விதை முதல் ஆண்டில் 13-ஆம் தேதி முட்டைத் திருவிழாவில்தான் கிடைக்கும். 8 நாளில் காய்த்து, அப்புறம் 4 நாளுக்கு ஒருமுறை காய்க்கும். அன்றிரவே நட்டால் 21, 25 என இரண்டு அறுவடை. 16-ஆம் தேதி நட்டாலும் 24, 28 என அதே இரண்டுதான். இருட்டில் மண்வெட்டியோடு ஓடும் ஆட்டக்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எங்கள் விளையாட்டில் பிழை வந்ததும் இரவு வேலைகளின் வரிசையில்தான். முதலில் பயிரை வளர்த்து, பிறகு மண்ணை உலர்த்தி, அதன் பின் மழையும் தெளிப்பானும் புதிய நாளுக்கு நனைக்க வேண்டும். ஒரு பதிப்பில் உலர்த்துவதும் நனைப்பதும் வளர்ப்பதற்கு முன்னால் போய்விட்டன. கையால் ஊற்றிய பாத்தி ஒன்றும் வளரவில்லை. மழை நாளில் மட்டும் வளர்ந்ததால் யாருக்கும் உடனே சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் சோதனை உலகில் அடிக்கடி மழை பெய்யும்படி வைத்திருந்தோம். மழையை நிறுத்தி, 4 நாள் பயிரை 1-ஆம் தேதி நட்டு, 5-ஆம் தேதி காலை பார்த்ததும் விஷயம் பிடிபட்டது.

சரி, பருவம் மாறும் இரவுக்குத் தனியாக ஒரு சோதனை வைத்தோம். மக்காச்சோளம் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வளரக்கூடியது. 14 நாள் பயிர். கோடை 20-இல் நட்டால் இலையுதிர் காலம் 6-இல் விளைய வேண்டும். அதைச் சுற்றிலும் முலாம்பழம் நட்டு வைப்போம். இலையுதிர் காலம் 1-ஆம் தேதி காலை முலாம்பழம் மட்டும் காய்ந்திருந்தால் அந்தப் பதிப்பு தேறியது.