ஐந்தாம் பத்தியில் கிடந்த செய்தி

தனியார் மருத்துவமனை ஒன்றின் செய்திக் குறிப்பைத் திருத்தி எழுதிக் கொடுக்கும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. ஏற்கெனவே அனுப்பப்பட்ட குறிப்பு எந்த நாளிதழிலும் வெளியாகவில்லை என்பதால் நிர்வாகத்தினர் வருத்தத்தில் இருந்தார்கள். வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது என்றாலும், எழுதுவதற்கு ஆன நேரத்தைவிட, எழுதியதைக் காப்பாற்றுவதற்கு ஆன நேரமே அதிகம். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், தடுக்கி நின்ற இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பழைய குறிப்பின் தலைப்பு, “சிறுநீரக சிகிச்சையில் புதிய மைல்கல்: மருத்துவமனையின் மகத்தான சாதனை” என்று இருந்தது. முதல் பத்தி, சமூக நலனில் அக்கறையோடு பல ஆண்டுகளாகச் செயல்பட்டு வருவதைச் சொல்லி, தலைவர் தலைமையிலும் இயக்குநர்கள் முன்னிலையிலும் நடந்த விழாவை விவரித்து, ‘பெருமையுடன் அறிவிக்கிறது’ என்று முடிந்தது. எதை அறிவிக்கிறது என்பது ஐந்தாம் பத்தியில்தான் தெரிந்தது: பகலில் வேலைக்குச் செல்லும் நோயாளிகள், பணி முடிந்து இரவில் வந்து டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். டயாலிசிஸ் என்பது பெரும்பாலானவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும் சிகிச்சை. அதைப் பகலில் செய்துகொண்டு ஒருவர் வேலையில் நீடிப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறிப்பில் உண்மையாகவே ஒரு நல்ல செய்தி இருந்தது புரியும். அது ஐந்தாம் பத்தியில் கிடந்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

செய்தியை மேலே கொண்டுவருவது எளிது என்று தோன்றலாம். ஆனால் தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார் தலைமையில், யார் முன்னிலையில், எந்த நோக்கத்தோடு என்று அடைமொழிகளை முன்னால் அடுக்கினால், வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் வாசகர் வினையைத் தேடிக் களைத்துவிடுவார். ஐந்தாம் பத்தியை அப்படியே தூக்கி முதலில் வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. ஆகவே ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல் உடைத்து எழுதினேன்: “பகலில் வேலைக்குச் செல்லும் சிறுநீரக நோயாளிகள், இனி இரவு 8 மணி முதல் 12 மணி வரை டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். இதற்கென 10 படுக்கைகள் கொண்ட பிரிவு ஜூன் 3ஆம் தேதி தொடங்குகிறது.” இங்கே நான் தவிர்த்திருக்கும் மருத்துவமனையின் பெயர் இரண்டாம் வாக்கியத்தில் வந்தது. தலைப்பு, “வேலைக்குச் செல்வோருக்கு இரவு நேர டயாலிசிஸ்: ஜூன் 3இல் தொடக்கம்” என்று ஆனது. இந்த மூன்று வரிகளை மட்டும் விஷயம் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “யாருக்கு, எப்போதிலிருந்து என்பது புரிகிறதா?” என்று கேட்டால் போதும், அவர் திருப்பி எதையாவது கேட்டால், அந்தக் கேள்விக்கான விடைதான் முதல் பத்தியில் விடுபட்டது.

தகவல் முதல் வரிக்கு வந்துவிட்டால் அதன் பொறுப்பும் கூடிவிடுகிறது. இந்த இடத்தில்தான் முதல் முட்டுக்கட்டை வந்தது. அலுவலகம் தந்த தாளில் 12 படுக்கைகள் என்றும், மின்னஞ்சலில் 10 என்றும் இருந்தது. அலுவலகத்தில் கேட்டபோது, “ஏதாவது ஒன்றைப் போடுங்கள்” என்று பதில் வந்தது. நான் நேரடியாக அந்தப் பிரிவின் செவிலியரிடம் கேட்டேன். இரண்டு படுக்கைகள் அவசர நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டவை, முன்பதிவுக்கு 10 மட்டுமே என்று அவர் விளக்கினார். தேதியிலும் இதே கதைதான். டயாலிசிஸுக்குப் பயன்படும் நீரின் பரிசோதனை அறிக்கை வராமல் பிரிவைத் திறக்க முடியாது என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தத் தாள் கையில் வரும்வரை குறிப்பை நிறுத்தி வைத்தேன். தலைப்பில் இருக்கும் தேதி மாறினால், மறுப்புக் குறிப்பு அனுப்பும் நிலை வரும். அதற்குப் பிறகு அடுத்த குறிப்பை நாளிதழின் செய்தி டெஸ்க்கில் நம்ப மாட்டார்கள்.

மேற்கோள்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. பழைய குறிப்பில் தலைமை மருத்துவர், “நோயாளிகளின் நலனே எங்கள் உயிர்மூச்சு, தொலைநோக்குப் பார்வையோடு உலகத்தரம் வாய்ந்த சேவையை வழங்குவதில் பெருமிதம் கொள்கிறோம்” என்று சொன்னதாக இருந்தது. இதை அவர் சொல்லவில்லை, அலுவலகத்தில் எழுதியது. நல்ல சொற்களைப் போட்டு இதைச் சீர்ப்படுத்திவிட முடியாது, ஏனென்றால் சீர்ப்படுத்த அதில் பேச்சே இல்லை. ஆகவே மருத்துவரிடம் சில நிமிடங்கள் தொலைபேசியில் பேச அனுமதி கேட்டேன். “இதைப் பற்றி ஒரு கருத்து சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தால் மறுபடியும் உயிர்மூச்சுதான் வந்திருக்கும். “இரவில் திறக்க வேண்டும் என்று எப்போது தோன்றியது, டாக்டர்?” என்று கேட்டேன். அவர் உடனே, “வேலையை விட்டுட்டேன் டாக்டர்னு ஒருத்தர் வந்து சொன்னார். நோயால இல்ல, லீவு கிடைக்காததால. அதுக்கப்புறம் அதே மாதிரி இன்னும் சில பேர்” என்றார்.

பேச்சுத்தமிழை அப்படியே அச்சில் போட்டால், படித்த மருத்துவரை எளிமைப்படுத்திக் காட்டுவதாக நிர்வாகம் கருதும். செய்தித்தாளின் நடைக்கும் அது ஒட்டாது. முழுச் செந்தமிழுக்கு மாற்றினால் குரல் போய்விடும். நான் கடைப்பிடித்த வழி, சொற்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றி, வாக்கியங்களின் நீளத்தையும் அவை வந்த வரிசையையும் தொடாமல் விடுவது: “ ‘வேலையை விட்டுவிட்டேன் டாக்டர்’ என்று ஒருவர் வந்து சொன்னார். நோயால் அல்ல, விடுமுறை கிடைக்காததால். அதன் பிறகு அதேபோல் இன்னும் சிலர் வந்தார்கள்.” இதை அவருக்கே வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்றேன். பேசியவரின் ஒப்புதல் இல்லாத மேற்கோளை, எவ்வளவு இயல்பாக இருந்தாலும், அனுப்பக் கூடாது.

ஒப்புதலுக்குப் போன பிரதி திரும்பி வந்தபோது ‘மகத்தான’ மீண்டும் தலைப்பில் இருந்தது. மேற்கோளுக்கு முன்னால் “தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறேன்” என்று சேர்த்திருந்தார்கள். தலைவரின் பெயர் முதல் வரிக்கு ஏறியிருந்தது. வாதம் செய்து பயனில்லை என்று எனக்குப் பட்டது. பழைய குறிப்பையும் புதியதையும் அருகருகே அச்சிட்டு, முதல் மூன்று வரிகளுக்குக் கீழே எல்லாவற்றையும் கோடிட்டு அடித்துக் காட்டினேன். இடம் போதாவிட்டால் டெஸ்க்கில் கீழிருந்துதான் வெட்டுவார்கள், மிஞ்சுவது இவ்வளவுதான் என்றேன். பழைய குறிப்பில் மிஞ்சியதில் டயாலிசிஸ் என்ற சொல்லே இல்லை. அதைப் பார்த்த பிறகு நிர்வாக அலுவலர் இறங்கி வந்தார். தலைவரின் பெயர் நான்காம் பத்தியில், திறந்து வைப்பவர் என்ற அளவில் இடம்பெற்றது. மேற்கோள் ஒன்றே ஒன்று, மூன்றாம் பத்தியில் நின்றது. மருத்துவமனை பற்றிய அறிமுகம் கடைசிக்குப் போனது.

அனுப்பும் நேரத்தில் ஒரு வீண் அலைச்சல் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் குறிப்பைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, ஸ்கேன் செய்து படமாக அனுப்பத் தயாராக இருந்தார்கள். படத்திலிருந்து எந்த உதவி ஆசிரியரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய மாட்டார். தட்டச்சு செய்த கோப்பையே அனுப்பினாலும், பழைய எழுத்துரு அவர்கள் திரையில் குப்பையாகத் தெரியும். எல்லாவற்றையும் யுனிகோடில் மறுபடி அடித்து, மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி, பொருள் வரியில் தலைப்பையே போட்டு அனுப்பினோம். லெட்டர்ஹெட் பிரதி இணைப்பாக மட்டும் போனது.

இம்முறை குறிப்பு வெளியானது. ஒரு நாளிதழ் கடைசிப் பத்திகளை வெட்டியிருந்தது. முதல் பத்தி ஒரு சொல்லும் மாறாமல் நின்றது. இன்னொன்றில், வேலையை விட்டவர் பற்றி மருத்துவர் சொன்னதையே தலைப்பாக எடுத்திருந்தார்கள். அன்று காலை மருத்துவமனைக்கு வந்த அழைப்புகளில் பல, இரவுப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வந்தவை என்று அந்தச் செவிலியர் சொன்னார்.