அப்பாவின் கிண்டிலுக்குப் புத்தகங்களை ஒழுங்குபடுத்திய கதை

குடியாத்தத்தில் இருக்கும் அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்ததால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க ஒரு கிண்டில் வாங்கினேன். வேலூரில் என் மடிக்கணினியில் பத்து வருடமாகச் சேர்த்த நானூற்றுச் சொச்சம் மின்னூல்கள் ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தன. ஒரு ஞாயிறு, மின்னூல்களை ஒழுங்குபடுத்தும் காலிபர் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன்.

காலிபர் மூலக் கோப்பைத் தொடாமல் தன் நூலகத்துக்குள் ஒரு நகல் எடுத்து, ஆசிரியர் பெயரில் கோப்புறை போட்டு, அதற்குள் நூலின் பெயரில் இன்னொன்று போடும். அந்தப் பெயர், கோப்புக்குள் பதிந்திருக்கும் நூல் விவரமான மெட்டாடேட்டாவிலிருந்து வருகிறது. அங்கேதான் சிக்கல். எங்கள் வடார்க்காட்டு மு.வ. ஒருவரே நான்கு ஆளாக நின்றார்: மு.வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார், Mu Varadarajan. நான்கு பெயருக்கு நான்கு கோப்புறை.

அவசரத்தில் எக்ஸ்ப்ளோரரிலேயே ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினேன். செய்யவே கூடாது. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது காலிபரின் metadata.db கோப்பில் பதிவாகியிருக்கும். நாம் வெளியே மாற்றினால் அதற்குத் தெரியாது, நூலைத் திறந்தால் கோப்பு இல்லை என்கிறது. பழைய பெயரையே திருப்பி வைத்த பிறகுதான் சரியானது.

சரியான வழி, இடப்பக்கப் பட்டியலில் Authors மேல் வலது சொடுக்கி Manage authors திறப்பது. அங்கே நான்கையும் ‘மு. வரதராசன்’ என்று ஒரே மாதிரி, புள்ளி, இடைவெளி உட்பட, எழுதினேன். OK கொடுத்ததும் நான்கும் ஒன்றாயின. கோப்புறைகளைக் காலிபரே நகர்த்திக்கொண்டது. வட்டில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்துக் கோர்வையாகத் தெரியும். அது அதன் வழக்கம், கலங்க வேண்டாம்.

அப்புறம் ஒரே நூல் EPUB-ஆக ஒன்று, MOBI-ஆக ஒன்று என்று இரட்டையாகத் தெரிந்தன. இரண்டையும் தேர்ந்து Merge book records செய்தால் ஒரே பதிவுக்குள் இரு வடிவமும் அமரும்.

யூ.எஸ்.பி. வழியே போட்டால் கிண்டில் EPUB-ஐப் படிக்காது. அதனால் எல்லா EPUB-ஐயும் மொத்தமாகத் தேர்ந்து, கிண்டில் படிக்கும் AZW3 வடிவத்துக்கு மாற்றினேன். அதில் தொல்லை இல்லை.

தொல்லை பி.டி.எஃபில்தான். சிலவற்றை மாற்றினால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குப்பை. மாற்றுமுன் ஒரு சோதனை போதும்: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ‘தமிழ்’ என்பது jkpo; என்று வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. ஒன்றும் நகலாகவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். இரண்டையும் காலிபரால் திருத்த முடியாது. அப்படி முப்பத்தொரு நூல் மிஞ்சின. அவற்றில் சிலவற்றுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் யூனிகோடு பதிப்பு கிடைத்தது. மற்றவற்றை ‘ஸ்கேன்’ என்று குறிச்சொல் போட்டுத் தனியே வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அவற்றை டேப்லெட்டில்தான் காட்ட வேண்டும்.